பாரிஸிலிருந்து சித்திக்கு

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் எலும்பு வரை போகிறது. நீங்கள் எடுத்த கோல்களை அம்மா வெட்டிவிட்டதாக மனவருத்தப்பட்டீர்களாம். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வீடியோ கோல் செயலி ஒரு இரவில் தானாக அப்டேட் ஆகி, பொத்தான்கள் எல்லாம் பிரெஞ்சுக்குப் போய்விட்டன.

அம்மா நிறத்தைப் பார்ப்பவர் அல்ல, எழுத்தை வாசிப்பவர். கோல் வரும்போது திரையின் மேலே "Répondre", "Refuser" என்று இரண்டு சொல் வரும். முதலாவது எடுக்க, இரண்டாவது மறுக்க. கதைத்து முடித்து வைப்பது "Raccrocher". மூன்றும் R-இல் தொடங்கினால் அவர் என்ன செய்வார்!

நானும் இவரும் வேலையால் வர இரவாகிவிடும். மூத்தவள்தான் அம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினைந்து வயது, தமிழ் கதைப்பாள், வாசிக்க வராது. அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. நல்ல சோடி!

மணிக்கூடு, வானிலை எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். அவை முன்பிருந்தே பிரெஞ்சில்தான் இருந்தனவாம். அதாவது போனின் மொழி எப்போதும் பிரெஞ்சு. அந்தச் செயலிக்கு மட்டும் தனியாகத் தமிழ் வைத்திருந்தோம். அப்டேட்டில் அது அழிந்து, போனின் மொழியையே பிடித்துக்கொண்டது. செயலியில் மட்டும் திரும்பத் தமிழ் வைத்தால் அடுத்த அப்டேட்டிலும் இதே கதை வரலாம் என்று போனின் மொழிப் பட்டியலுக்கே போனாள்.

மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் தன் போனில் படம் எடுத்துவைத்தாள். தமிழாகிவிட்டால் தனக்கு வழி தெரியாது, எத்தனையாவது வரி என்று படத்தைப் பார்த்துத்தான் திரும்ப வரவேண்டும் என்றாள். எனக்கு இது தோன்றியிருக்காது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். அவள் கீழே தள்ளிக்கொண்டே போக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்த அம்மம்மா "நில், நில், இதுதான்" என்றார். அடுத்து எந்த நாட்டுத் தமிழ் என்று கேட்டது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். அம்மா யோசிக்கவே இல்லை, இலங்கையை அமத்தினார். பிறகு அவள் தமிழை இழுத்து முதலாவதாகவும் பிரெஞ்சை இரண்டாவதாகவும் வைத்தாள். தமிழ் தெரிந்த செயலி தமிழில் வரும், தெரியாதது பிரெஞ்சில் வரும். வங்கிச் செயலி பிரெஞ்சிலேயே நிற்கிறது. அதை நாங்கள்தான் பார்ப்பது, பரவாயில்லை.

ஒரு குறை மட்டும். பேத்தி இப்போது அந்தப் போனில் ஏதும் தேட வேண்டுமென்றால் அம்மம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோசம்.

ஞாயிறு உங்கள் நேரம் பின்னேரம் மூன்றரைக்கு எடுங்கள். இங்கே அப்போது பதினொரு மணி, தேவாலயத்தால் வந்துவிடுவார். உங்கள் போனும் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது? தம்பி வீட்டுக்கு வரும்போது இதே மாதிரித் தமிழை மேலே வைத்துத்தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்