உராய்வு என்று எழுதி முடித்துவிடாதீர்கள்: வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்கும் விருதுநகர் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எந்தப் பட்டாசு ஆலையில் வெடித்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான் வருகிறது: "மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வால் விபத்து." பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அந்த வரியோடு விசாரணையும் நின்றுவிடுகிறது. பழி செத்துப்போன தொழிலாளியின் கைமேல் விழுகிறது. பல வருடம் போர்மேனாக இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உராய்வையே எடுத்துக்கொள்வோம். பேன்சி ரகத்திலும் வெடி ரகத்திலும் போடும் மருந்தில் அலுமினியப் பொடி, கந்தகம், ஆக்சிஜன் தரும் உப்பு மூன்றும் மாவாகக் கலந்திருக்கும். இரண்டு திடப்பொருள் உரசினால், தொடும் இடத்தில் ஊசிமுனையளவு புள்ளி ஒன்று சூடேறும். அந்தச் சூடு எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்வது உரசும் பொருள்களில் எது முதலில் உருகுகிறதோ அதுதான். கந்தகம் 115 டிகிரியைத் தாண்டியதுமே இளகிவிடும். இளகினால் வழுக்கும், சூடு அதற்குமேல் ஏறாது. அந்த இடத்தில் ஒரு மணல் துகள் இருந்தால் கதை வேறு. மணல் உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மணலும் இன்னொரு கடினமான பொருளும் மருந்துக்கு நடுவே உரசும் புள்ளியில் சூடு தடையில்லாமல் ஏறி, மருந்து பற்றும் அளவைத் தாண்டிவிடும். தரையில் ரப்பர் விரிப்பு போடச் சொல்வதும், வெறுங்காலோடு உள்ளே வரச் சொல்வதும், இரும்புச் சாமான் கூடாது என்பதும் இதற்காகத்தான். கிழிந்த விரிப்பின் ஓட்டை வழியே சிமெண்ட் தரை தெரிகிற அறையில், தட்டை அரை அடி இழுப்பதே போதும்.

கரிசல் காட்டுக் காற்றில் மண்ணை முழுக்கத் தடுக்க யாராலும் முடியாது. ஒரு நாளில் ஒரு பெண் எத்தனை குழாய்க்கு மருந்து செலுத்துகிறாள், எத்தனை தடவை சல்லடையைத் தட்டுகிறாள், திரியைச் செருகுகிறாள் என்று நின்று பார்த்தால் தெரியும். பீஸ் கணக்கில் கூலி, வேகம்தான் சம்பளம். அதனால் எங்கோ ஒரு நாள் ஒரு பொறி வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டே இந்தத் தொழிலுக்கு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பொறியைக் குறைக்கச் சில விதிகள் உண்டு. மற்றவை, பொறி வந்துவிட்ட பிறகு எத்தனை பேர் சாக வேண்டும் என்பதைப் பற்றியவை. லைசென்ஸில் எழுதியிருக்கும் கிலோ, அறைக்கு நான்கு பேர், அறைக்கும் அறைக்கும் இடைவெளி எல்லாம் இந்த இரண்டாம் வகை.

இவை மூன்று தனித்தனி விதிகள் இல்லை, ஒரே கணக்கு. விரல் நுனியளவு மருந்து திறந்தவெளியில் புஸ்ஸென்று எரிந்து போகும். அதையே குவியலாக வைத்தால், எரியும் வாயு வெளியேற வழியில்லாமல் துகள்களுக்கிடையே அழுத்தம் கூடி, சுற்றிலும் காகிதக்கூடு இல்லாவிட்டாலும் வெடிக்கும். வெடி அலையின் வேகம் தூரம் போகப் போகக் குறையும். மருந்து எட்டு மடங்கானால், அதே பாதுகாப்புக்குத் தூரம் இரண்டு மடங்காக வேண்டும் என்பது வெடிபொருள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஓர் ஆலையில் இரண்டு அறைகளுக்கிடையே 15 மீட்டர் விட்டுக் கட்டியிருக்கிறார்கள், அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கும் என்று வரைபடத்தில் காட்டி உங்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். தீபாவளி ஆர்டருக்காக எட்டு மடங்கு மருந்தை உள்ளே வைத்தால், அந்தச் சுவர் 30 மீட்டர் தள்ளி இருந்தாக வேண்டும். சுவரை நகர்த்த முடியாது. மருந்தைக் கொண்டுவந்து வைக்க மட்டும் ஒரு டிரே போதும்.

இதைவிட மோசம், இடைவெளியையே நிரப்புவது. வெயிலுக்கு ஒதுங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திரி வைக்கிறார்கள். மணி மருந்தைக் காயவைக்கும் பலகைகள் ஓர் அறை வாசலிலிருந்து அடுத்த அறை வாசல்வரை வரிசையாகப் போகின்றன. அப்போது 15 மீட்டர் என்பது வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்ததற்கு நடந்தே போய்விடும். அறை அறையாக வெடித்தது என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகைகள்தான் நினைவுக்கு வரும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை; முதலில் வெடித்த சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடிவந்த ஊர்க்காரர்கள். லைசென்ஸ் அளவுக்குள் மருந்து இருந்திருந்தால், வேலியோரம் நின்றவன் ஏன் சாகிறான்? 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோது வெளியே வந்த விவரம் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை ஆள் ஆளுக்குப் பிரித்து விட்டிருப்பார்கள். உங்கள் துறையின் நாக்பூர் அலுவலகம் கொடுக்கும் லைசென்ஸோ, சென்னை அலுவலகம் கொடுக்கும் லைசென்ஸோ, 15 கிலோவுக்குள்ளான மாவட்ட நிர்வாக லைசென்ஸோ, எதுவானாலும் ஒரே ஆள் மொத்த மருந்தையும் கணக்கில் வைத்திருப்பார் என்று நம்பித்தான் கொடுக்கிறீர்கள். நான்கு குத்தகைக்காரர் வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் அறையை மட்டும் பார்ப்பார். கட்டிய அட்வான்ஸை எடுக்க வேண்டும். நான்கு பேர் உட்காரும் அறையில் பத்துப் பேரை உட்கார வைப்பார். இரண்டு கதவில் ஒன்றை டிரே அடைத்திருக்கும். போர்மேன் யாரிடம் போய் நிறுத்து என்று சொல்வான்? சம்பளம் கொடுப்பவரும் லைசென்ஸ் வைத்திருப்பவரும் வேறு வேறு ஆள்.

இன்னொன்று மீதி மருந்து. அன்றன்று கலந்ததை அன்றன்றே செலுத்தி முடிக்க வேண்டும். மிஞ்சியதை அழிக்க மனம் வராமல் மூடி வைத்துவிடுவார்கள். இரவில் ஈரம் ஏறினால் அலுமினியம் மெல்ல வினைபுரிந்து மருந்து தானாகவே சூடேறும். காலையில் அம்மோனியா வாடை அடித்தாலோ, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ அதைக் கிளறக்கூடாது, ஆட்களை வெளியேற்ற வேண்டும். முந்திய நாள் மழை பெய்திருந்தால் விசாரிக்க வருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் இங்கேயும் உராய்வு என்று எழுதிவிடுவது சுலபம்.

என் கோரிக்கை சின்னது. ஆய்வுக்கு வரும்போது காலை பத்து மணிக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராமல், ஆவணி, புரட்டாசியில் நண்பகலில் வாருங்கள். பதிவேட்டைக் கேட்பதற்கு முன்னால் தராசை எடுத்து வந்து ஏதாவது ஓர் அறையின் மருந்தை வெளியே வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். தலையை எண்ணுங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் சனிக்கிழமை சம்பளம் யார் கையால் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். உள்குத்தகை உண்டா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விபத்து நடந்தால், உராய்வு என்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே அந்த அறையில் எவ்வளவு மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், அடுத்த மருந்துக் குவியல் எத்தனை மீட்டரில் இருந்தது என்ற மூன்றையும், ஒப்புதல் வரைபடத்தில் உள்ள எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு நகல் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர்,
சாத்தூர் வட்டம்