முதலில் கட்டிய முப்பதாயிரம் ஏன் கணக்கில் வரவில்லை?

அனுப்புநர்:
பாலிசிதாரர்,
திருநெல்வேலி டவுன்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: செலவில் முதலில் நாங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் தொகையைத் தவறாகக் கழித்ததால் குறைந்த ரூ.24,000 குறித்து.

ஐயா,

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் மருத்துவக் காப்பீடு எடுத்ததில்லை. கடந்த ஏப்ரலில் என் தாயார், நான், மனைவி, மகன் நால்வருக்கும் சேர்த்து உங்களிடம் எடுத்ததுதான் முதல் பாலிசி. "அண்ணாச்சி, ஐந்து லட்சம் வரை கவலையே வேண்டாம்" என்றார் உங்கள் முகவர். டிடக்டிபிள் ரூ.50,000 என்பதையும், அறுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு மட்டும், டிடக்டிபிள் போன மீதியிலும் நாங்கள் ஏற்க வேண்டிய பங்கான கோ-பேமென்ட் 20 சதவீதம் என்பதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரீமியம் ஏன் அவ்வளவு குறைவு என்று நானும் கேட்கவில்லை. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து வேண்டாம் என்றிருக்கலாம். படிக்காதது என் பிழை. ஆகவே அந்த இரண்டு விதிகளையும் எதிர்த்து இதை எழுதவில்லை. உங்கள் விதியை நீங்களே மீறியதற்காக எழுதுகிறேன்.

அக்டோபரில் மகனுக்கு டெங்கு. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தான், பில் ரூ.30,000. உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசியபோது, "ஐம்பதாயிரத்துக்குள் இருப்பதால் ஒன்றும் கிடைக்காது, பில்லை அனுப்ப வேண்டாம்" என்றார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் வினை. என் பத்திரத்தில் உள்ள டிடக்டிபிள் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியானது அல்ல. ஆண்டு முழுவதற்கும், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஐம்பதாயிரம். சிறிய பில்லுக்குப் பணம் வராவிட்டாலும் அது அந்த ஐம்பதாயிரத்தில் வரவு வைக்கப்பட வேண்டும். அதற்காகவே அதை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதே என்று தடுத்தவர்கள் நீங்கள்.

டிசம்பரில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போன என் தாயார், பாசி படிந்த படித்துறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. பாளையங்கோட்டையில் அறுவை சிகிச்சை. நீங்கள் ஏற்றுக்கொண்ட செலவு ரூ.1,50,000. அதில் டிடக்டிபிள் என்று முழு ஐம்பதாயிரத்தையும் கழித்து, மீதி ஒரு லட்சத்தில் 20 சதவீதத்தை எங்கள் தலையில் வைத்து, ரூ.80,000 மட்டும் தந்தீர்கள். மீதி எழுபதாயிரத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

கழித்த வரிசை சரிதான்: முதலில் டிடக்டிபிள், பிறகு கோ-பேமென்ட். தொகைதான் தவறு. மகனுக்காக முப்பதாயிரத்தை நாங்கள் ஏற்கெனவே சுமந்துவிட்டதால், பாக்கி டிடக்டிபிள் இருபதாயிரமே. ஒன்றரை லட்சத்தில் அதைக் கழித்தால் 1,30,000. அதில் தாயாரின் 20 சதவீதப் பங்கு 26,000. நீங்கள் தந்திருக்க வேண்டியது ரூ.1,04,000. குறைவது 24,000. முப்பதாயிரமும் திரும்பி வராதா என்று மனைவி கேட்டாள். வராது, அந்தத் தொகையிலும் 20 சதவீதம் எங்கள் பங்காகப் போய்விடுகிறது என்று காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு பிழை. காப்பீட்டுத் தொகையில் மீதி ரூ.3,50,000 என்று உங்கள் கடிதம் சொல்கிறது. முழு பில்லையும் ஐந்து லட்சத்தில் கழித்திருக்கிறீர்கள். டிடக்டிபிளோ கோ-பேமென்டோ காப்பீட்டுத் தொகையைக் குறைக்காது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வரையறையிலேயே இருக்கிறது. எங்கள் கையிலிருந்து போன பணம் எப்படி உங்கள் ஐந்து லட்சத்தைத் தின்னும்? ஐந்து லட்சத்தில் குறைய வேண்டியது நீங்கள் கொடுப்பது மட்டுமே. 1,04,000 தந்தால் மீதி 3,96,000. பாலிசி ஆண்டு முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் வேறு யாராவது படுத்தால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மகனின் டிஸ்சார்ஜ் அறிக்கையும் பில்களும் இத்துடன் உள்ளன. பில் காலதாமதமாக வந்தது என்று தள்ளிவிட வேண்டாம். அன்றைய தொலைபேசி உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும், நாளும் நேரமும் இணைப்பில் குறித்திருக்கிறேன். ரூ.24,000-ஐத் தந்து, மீதித் தொகையைத் திருத்தி எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசியின் தகவல் தாளைத் தமிழில் அனுப்புங்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பியும் முதல் பாலிசி எடுக்கப் பார்க்கிறான். அந்தத் தாளில் டிடக்டிபிள் பில்லுக்கா, ஆண்டுக்கா என்பதைத்தான் அவன் முதலில் படிக்கப் போகிறான்.

14 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்வேன். அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
பாலிசிதாரர்