லாகின் தோல்விக்குக் காரணம் உங்கள் சர்வரின் கடிகாரம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: வருகைப்பதிவு போர்ட்டலில் எஸ்.ஏ.எம்.எல். லாகின் தோல்வி

ஐயா / அம்மையீர்,

உங்கள் வருகைப்பதிவு போர்ட்டலை எங்கள் பணியாளர்கள் சிங்கிள் சைன்-ஆன் வழியாகத்தான் திறக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கடவுச்சொல்லைச் சரியாகத் தந்த பிறகும், உங்கள் பக்கம் போனதும் `Assertion is not yet valid` என்று பலருக்கு நின்றுவிடுகிறது. அவர்களே மறுபடி முயன்றால் சில சமயம் உள்ளே போய்விடுகிறார்கள்.

எங்கள் கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும் என்று சொல்லி, உங்கள் உதவிக்குழு டிக்கெட்டை மூடிவிடுகிறது. அந்தச் சான்றிதழ் 2027 வரை செல்லும். அது காலாவதியானதுதான் பிரச்சினை என்றால் ஒருவரும் உள்ளே போக முடியாது. பிழைச் செய்தியும் கையொப்பத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கும். இந்தச் செய்தி சொல்வதோ நேரத்தைப் பற்றி. அதைப் படித்துப் பார்க்காமலே பதில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கோபம்.

ஜூன் 2 காலை தோல்வியடைந்த ஒரு லாகினின் அசெர்ஷனை, அதாவது இவர் எங்கள் பணியாளர்தான் என்று எங்கள் சர்வர் உங்களுக்கு அனுப்பும் சான்றை, பிரவுசரில் எடுத்துப் பார்த்தோம்.

```
<Conditions NotBefore="2025-06-02T03:45:20Z"
            NotOnOrAfter="2025-06-02T04:45:20Z">
```

அதாவது இந்திய நேரம் 9:15:20-லிருந்து ஒரு மணி நேரம் அது செல்லும். ஆனால் அதே லாகினுக்கு உங்கள் பிழைப் பக்கத்தின் அடியில் இருந்த சர்வர் நேரம் 03:41:58Z. எங்கள் சர்வரின் கடிகாரம், நேரத்தைச் சரியாக வைக்கும் என்.டி.பி. சேவையோடு ஒத்துப்போகிறது, அதைச் சரிபார்த்துவிட்டோம். உங்கள் சர்வர்தான் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கி ஓடுகிறது. அதன் கணக்கில் எங்கள் அசெர்ஷன் செல்லத் தொடங்கும் நேரமே இன்னும் வரவில்லை, அதனால் மறுக்கிறது. நாங்கள் சேர்த்து வைத்த பிழைப் பக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே சர்வர் எண்தான் இருக்கிறது. லோட் பேலன்சர் வேறு சர்வருக்கு அனுப்பும்போது லாகின் நடந்துவிடுகிறது.

வேலை நிற்கக் கூடாதே என்று அசெர்ஷன்களை வழங்கும் எங்கள் ஏ.டி.எஃப்.எஸ்.ஸில் அவற்றின் தொடக்க நேரத்தை 5 நிமிடம் முன்னதாக்கி வைத்திருக்கிறோம்:

```
Set-AdfsRelyingPartyTrust -TargetName "Attendance" -NotBeforeSkew 5
```

இப்போதைக்கு லாகின் நடக்கிறது. ஆனால் உங்கள் கடிகாரம் இன்னும் விலகினால் இதுவும் போதாது. சலுகையை 10, 15 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகவும் நாங்கள் தயாரில்லை. உங்கள் கடிகாரம் பின்தங்கப் பின்தங்க, காலம் முடிந்த அசெர்ஷனையும் உங்கள் சர்வர் ஏற்கும்; யாராவது அதைத் திருடிப் பயன்படுத்தவும் அவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சிங்கிள் சைன்-ஆனை நிறுத்திவிட்டு வெறும் கடவுச்சொல்லுக்கு மாறச் சொன்ன உங்கள் யோசனையையும் ஏற்க மாட்டோம். அப்படி மாறினால் எங்கள் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பே போய்விடும்.

அந்தச் சர்வரில் என்.டி.பி. ஏன் நின்றது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பிறகு எல்லாச் சர்வர்களிலும் `chronyc tracking` காட்டும் கடிகார விவரத்தை எங்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

அப்புறம், லாகின் ஆகாததால் நேரத்துக்குப் பதிய முடியாமல் போன பணியாளர்கள் போர்ட்டலில் தாமதமாக வந்தவர்கள் என்று பதிவாகி, சம்பளப் பிடித்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள். தோல்வியடைந்த லாகின்களின் பதிவு உங்கள் சர்வரில் இருக்கும். அதில் உள்ள நேரத்தோடு சர்வர் பின்தங்கிய அளவைக் கூட்டிக் கணக்கிட்டு, மாதச் சம்பளம் போடுவதற்கு முன் அந்தப் பதிவுகளைத் திருத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப நிர்வாகி