செயலாளரின் ஆண்டறிக்கை: சுவடி மின்னாக்கப் பணி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு உறுப்பினர்கள் இரவல் தந்த ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளால் படிக்க வைத்தோம். அச்சு நூல்களில் வேலை ஓரளவு ஓடியது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மென்பொருள் தவறாக எடுக்கிறது. தேய்ந்த அச்செழுத்தில் புள்ளி விழாத இடங்களும் நிறைய. ஆனாலும் மெய்ப்புத் திருத்துபவர் அவற்றை எளிதாகப் பிடித்துவிடுகிறார்.

ஏட்டின் கதை வேறு. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஓர் ஏட்டில் கொம்பு, ககரம், கால், லகரம் என்று வரிசையாக வந்தது. அதைக் கொல், கோல், கொல, கோல என நான்கு விதமாகப் படிக்கலாம். காலை ரகரமாகக் கொண்டால் ‘கெரல’ என்றும் ஆகும். மென்பொருள் தனக்குப் பழகிய ஒரு சொல்லைத் தேர்ந்து, ஐயத்துக்கு இடமே இல்லாததுபோல் தந்துவிடுகிறது. வெளிப்படையான பிழையைவிட இதுதான் ஆபத்தானது என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் பூச்சி அரித்த துளை. எழுத்தின் தலைக்கு மேல் சிறு துளை விழுந்திருந்தால் மென்பொருள் அதைப் புள்ளியாகக் கொள்கிறது. புள்ளியே இல்லாத ஏட்டிலிருந்து புள்ளி வைத்த மெய்யெழுத்துகள் வந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. அடுத்தடுத்த ஏடுகளைப் பார்த்தால் அதே இடத்தில் துளை தொடர்கிறது. பூச்சி கட்டு முழுவதையும் துளைத்துச் செல்லும் அல்லவா! ஏட்டின் பின்னால் விளக்கு வைத்து இன்னொரு படம் எடுத்தால் துளை வெளிச்சமாகத் தெரியும், எழுத்துக் கீறல் தெரியாது. ஆகவே இனி ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம் என்று முடிவாகியுள்ளது.

ஓலை சுருண்டிருப்பதால் வரிகள் வளைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. வரிகளைக் கையாலேயே தனித்தனிப் படமாக வெட்டி, டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளில் `--psm 7` என்ற ஒற்றை வரி அமைப்பில் கொடுத்தோம். வரி மாறிப் படிக்கும் குழப்பம் அதோடு தீர்ந்தது. ஓலை நரம்புகளை எழுத்துக் கோடாக எடுப்பது இன்னும் தீரவில்லை. கரி மை பூசித் துடைத்த ஏடுகளில் இத்தொல்லை குறைவு. ஆனால் நொறுங்கும் நிலையில் உள்ளவற்றுக்கு மை பூசக் கூடாது என்பதில் செயற்குழு உறுதியாக உள்ளது.

இனி ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பதிவுகள் இருக்கும். முதலாவது கண்ணுக்குத் தெரிவது மட்டும்: புள்ளி சேர்க்காமல், சிதைந்த எழுத்துக்குச் சதுரக் குறியிட்டு. இரண்டாவது, யாப்பும் பொருளும் பார்த்துப் புலவர் தரும் வாசிப்பு. மென்பொருளின் வெளியீடு முதற்பதிவுக்கு வரைவாக மட்டுமே பயன்படும். சுவடி படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் இரண்டாவது பதிவுக்குப் பெயர் தர வேண்டுகிறேன். இப்போது அப்பணியில் இருப்போர் மிகச் சிலரே.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்