மீனாவின் மாத்திரை உனக்குப் போதாது

அன்புள்ள கார்த்தி,

காலையில் ஆபீஸ் அவசரத்தில் போனை வைத்துவிட்டாய். சொல்ல வேண்டியது பாக்கி இருப்பதால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். முழுதாகப் படி.

சென்னை வெயிலில் சூடு பிடித்துக்கொண்டது, மீனாவுக்குப் போன வருஷம் யூரின் இன்ஃபெக்ஷனுக்குக் கொடுத்த நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை மீதி இருந்தது, அதைப் போட்டதும் சிறுநீர் போகும்போது இருந்த எரிச்சல் குறைந்துவிட்டது என்றாய். ஆனால் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது என்றும் சொன்னாயே. சூட்டுக்கு அப்படி வராதுடா. யூராலஜி வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், கேள்.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆசனவாயும் பக்கத்திலேயே இருப்பதால் குடல் கிருமி சுலபமாக ஏறிவிடும். பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையோடு நிற்கும், சில நாள் மாத்திரையில் போய்விடும். ஆண்களுக்கு அந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் கிருமி ஏறியிருக்கிறது என்றால், ஏன் என்று டாக்டர் தேடுவார். கல்லா, குழாயில் அடைப்பா, சர்க்கரையா, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்குகிறதா என்று பார்ப்பார்.

இன்னொன்று, சிறுநீர்ப்பைக்குக் கீழே குழாயைச் சுற்றி ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. கிருமி அதற்குள் புகுந்துவிட்டால் நீ போட்ட மாத்திரையால் பயனில்லை. அந்த மருந்து சிறுநீரில்தான் வேலை செய்யும், சுரப்பியின் சதைக்குள் போதிய அளவு போகாது. எரிச்சல் அடங்கும், உள்ளே கிருமி இருக்கும்.

உன் பெரிய மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. மெடிக்கல் ஷாப் மாத்திரையில் எரிச்சல் அடங்குவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. கடைசியில் காய்ச்சலோடு சொட்டுச் சொட்டாகத்தான் போனது. போய்விட்டு வந்தபின் ஸ்கேன் எடுத்தால் பையில் இன்னும் 180 மில்லி தேங்கி நின்றது. சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட்டைப் பார்த்து மருந்தை மாற்றி, 4 வாரம் சாப்பிட வைத்தார்கள். காய்ச்சல் இல்லாத ஆணுக்கே வழக்கமாக 7 நாள் கொடுப்பார்கள். புராஸ்டேட்டில் இறங்கிவிட்டால் 2 முதல் 4 வாரம் ஆகும். பாதியில் நிறுத்தக் கூடாது.

வேளச்சேரியில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கிறது, இன்றைக்கே போ. புது ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் யூரின் கல்ச்சருக்குக் கொடு. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை அவர்கள் கொடுக்கும் டப்பாவில் பிடி, உள்பக்கம் விரல் படக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை போட்டதை மறைக்காதே, அதனால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கூச்சப்படாதே, சுரப்பி வீங்கி வலிக்கிறதா என்று அதில்தான் தெரியும். யாராவது புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னால் இப்போது வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். இந்த இன்ஃபெக்ஷனிலேயே அது ஏறிக் காட்டும், அப்புறம் கேன்சரோ என்று வீணாகப் பயப்படுவாய்.

நடுக்கம் திரும்ப வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்காதே, நேராக எமர்ஜென்சிக்குப் போ. மீனாவையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் என்ன சொன்னார் என்று அங்கிருந்தே போன் பண்ணு.

அம்மா