'உறுதியானதும்' என்றால் தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில், "கர்ப்பம் உறுதியானதும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும்" என்று ஒரு வரி வந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் 28 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 'உறுதியானதும்' என்ற சொல் உறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன். அப்போது தொடங்கினாலும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் எந்தக் குறையைத் தடுக்க அந்த மாத்திரையைச் சொல்கிறோமோ, அது வருவதா வராததா என்பது அதற்குள் பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு பெண்ணுக்கு ஏப்ரல் 1 அன்று கடைசியாகத் தீட்டு வந்தது, 28 நாள் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கரு உண்டாவது ஏப்ரல் 15-ஐ ஒட்டி. அடுத்த தீட்டு வர வேண்டியது ஏப்ரல் 29. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய் மூடி முடிவது, கரு உண்டாகி 28 நாளில், அதாவது மே 13 வாக்கில். நாள் தள்ளிப்போனது தெரிந்து இரண்டே வாரம். நம் ஊரில் அந்த இரண்டு வாரத்தில் யார் வாயைத் திறக்கிறார்கள்? "அம்பது நாளாவது ஆகட்டும்" என்று மாமியார் சொல்வார். மூன்றாம் மாதம் வரை வெளியே சொல்லக்கூடாது என்று அத்தை சொல்வார். மே 20-ந் தேதி சுகாதார நிலையத்துக்கு வந்து பெயரைப் பதிந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போகும்போது, அந்தக் குழாய் மூடி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அது முதலிலேயே குழாயாக இருப்பதில்லை. தட்டையான ஒரு தகடாக இருக்கும். அதன் இரண்டு ஓரமும் எழும்பி, வாழையிலையை இரண்டு பக்கமும் மடக்குவதுபோல நடுவில் வந்து சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பகுதியில் ஒட்ட ஆரம்பித்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போகும். தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் முதுகில் திறப்போடு, பெரும்பாலும் ஒரு கட்டியோடு பிறக்கும். கால் வராமல், சிறுநீர் அடங்காமல், தலையில் நீர் கோத்து எத்தனையோ பிள்ளைகள் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஓரங்கள் எழும்பிச் சேர வேண்டுமானால் அந்த இடத்துச் செல்கள் அந்தச் சில நாட்களில் வேகவேகமாகப் பெருக வேண்டும். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் செல் தன் மரபணுப் பொருளைப் புதிதாகச் செய்துகொள்ள ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில மாத்திரை தருகிற அந்தச் சத்து, தேவை. அது தாயின் ரத்தத்தில் முன்கூட்டியே நிறைந்திருக்க வேண்டும். இன்று விழுங்கி நாளை நிறைவதில்லை. வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

எங்கள் வட்டாரத்தில் மில் வேலைக்குப் போகிற ஒரு பெண். ஆவணியில் கல்யாணம், மார்கழியில் நாள் தள்ளிப்போனது, மாசியில்தான் என்னிடம் வந்தாள். அன்றைக்கே மாத்திரை கொடுத்தேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் மண்டையோடு உருவாகவில்லை என்று தெரிந்து, கருவைக் கலைக்க வேண்டியதாயிற்று. "கிரகணத்தன்னிக்கு வெளிய போனா, சொன்னா கேட்டாளா" என்று மாமியார் ஒரு பக்கம். சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததுதான் காரணம் என்று ஊர் ஒரு பக்கம். அந்தப் பெண் இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்படி ஒரு தடவை வந்தவர்களுக்கு அளவே வேறு. மற்றவர்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம் போதும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும்வரை என்பதுதான் அரசின் வழிகாட்டுதலும். ஏற்கெனவே இந்தக் குறை வந்தவர்களுக்கு அதைப்போல பத்து மடங்கு. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 7 நாடுகளில் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட தாய்மாருக்குத்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருந்த ஏறத்தாழ 600 பேரில் 6 குழந்தைகளுக்குக் குறை. இல்லாத ஏறத்தாழ 600 பேரில் 21. நம் பக்கத்து மருந்துக் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரைதான் சாதாரணமாகக் கிடைக்கும் என்பதால், டாக்டர் அவளுக்கு அதைத் தினம் ஒன்று எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய் அட்டையைக் காட்டச் சொன்னால், இரும்புச் சத்தோடு சேர்ந்த மாத்திரை. "எல்லாம் சத்து மாத்திரதான்னு கடையில குடுத்தாங்கக்கா" என்றாள். அதில் ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம்தான், இரும்பு 60 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பத்து விழுங்கினால் 600 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகும், அது விஷம். அளவு குறைந்தால் மாத்திரையை மாற்ற வேண்டுமே தவிர எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. சரியான மாத்திரை வாங்கி, மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம் எண்ணினோம்.

அடுத்த குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அதை முழுக்க மாத்திரையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்விலேயே ஃபோலிக் அமிலம் இல்லாத பக்கத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் திரும்ப வந்தது. சாப்பிட்டவர்களிலும் 6 பேருக்கு வந்தது. ஆபத்தை அது வெகுவாகக் குறைக்கும், அடியோடு போக்காது. ஐந்தாம் மாத ஸ்கேனை அதனால் தவிர்க்கவும் கூடாது.

கீரை சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். கீரையும் பாசிப்பயறும் வேண்டியதுதான். ஆனால் ஃபோலேட் சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். கீரையை வேகவைத்து இறுத்துவிட்டால் பாதி சாக்கடைக்குத்தான். மிஞ்சியதும் மாத்திரை அளவுக்கு உடம்பில் ஏறாது.

5 மில்லிகிராமை யாரும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பி12 குறைவு இருக்கிறவர்களுக்கு, சுத்த சைவக்காரர்களிடம் இது அதிகம், அந்த அளவு ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிட்டு நரம்புக் கோளாறை மறைத்துவிடும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண்களும் சர்க்கரை உள்ள பெண்களும், கல்யாணம் நிச்சயமானதுமே டாக்டரிடம் சொல்லி அளவு கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரையைப் பயந்துபோய்த் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

கல்யாணமான புதிதில் மாத்திரை எடுத்துக்கொண்டால், பிள்ளை வேண்டாமென்று போடுகிறாளோ என்று வீட்டில் சந்தேகப்படுவார்கள். இதற்காகவே மாமியாரையும் உட்காரவைத்து அட்டையைக் காட்டிப் பேசியிருக்கிறேன். இரண்டாவது குழந்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை. காப்பர்-டி எடுக்க வருகிற அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவேன்.

உங்கள் பக்கத்தில் அந்த வரியை, "குழந்தை வேண்டும் என்று நினைக்கிற மாதத்துக்கு ஒரு மாதமாவது, முடிந்தால் மூன்று மாதம் முன்பே" என்று திருத்திப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.