ஓண சத்யா அறிவிப்பை அனுப்பும் முன்

அன்புள்ள பாப்பா,

ஓண சத்யா விருந்தைப் பார்சலாகக் கொடுப்பதற்கு நீ அனுப்பிய முன்பதிவு அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். திருப்பூணித்துறையில் நீயே பொறுப்பெடுத்துச் செய்யும் முதல் ஓணம் இது. அதனால் நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

“26 வகை, 5 பேருக்கு” என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய். சில இடங்களில் உப்பையும் பழத்தையும்கூட வகைக் கணக்கில் சேர்ப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. பெயர்களை எழுது, இலையில் பரிமாறும் வரிசையிலேயே எழுது. உப்பேரி, சர்க்கரை உப்பேரி, ஊறுகாய்கள், புளியிஞ்சி, பச்சடி, கிச்சடி, தோரன், ஓலன், காளன், எரிசேரி, அவியல், கூட்டுக்கறி என்று இடமிருந்து வரட்டும். அப்புறம் சோறு, பருப்பு, நெய், சாம்பார், பிரதமன், ரசம், மோர். வீட்டில் இலை போடுகிறவர்கள் அதைப் பார்த்தே பரிமாறிவிடுவார்கள்.

அளவுதான் முக்கியம். பந்தியில் சாம்பார் வாளி இரண்டாம் முறை வரும், பார்சலில் வராது. ஆகவே அந்த இரண்டாம் முறையை நீ முன்கூட்டியே பாத்திரத்தில் வைத்திருக்க வேண்டும். ஓர் இலைக்குச் சாம்பார் 150 மில்லி என்றால் ஐந்து இலைக்கு 750 ஆகிறது, நீ 1 லிட்டர் கட்டு. அடைப்பிரதமனுக்கும் இதே கணக்குதான். அவியல் இலைக்கு 100 கிராம், ஐந்துக்கு அரைக் கிலோ போதும். ஓலனை யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள், அதில் கூட்டாதே. புளியிஞ்சி மொத்தம் 100 கிராம் தாராளம். இந்த அளவுகளை அறிவிப்பிலேயே போடு. வீட்டுக்கு ஆறாவது ஆள் வந்தால் சமாளிக்கலாமா, இன்னொரு பார்சல் சொல்லலாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மட்டை அரிசிச் சோற்றை வீட்டிலேயே வடித்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு, அவர்களுக்குச் சோறு இல்லாமல் ஒரு விலை சொல்.

“காலை 9 முதல் 1 வரை வந்து வாங்கலாம்” என்பதை மாற்றியே ஆக வேண்டும். 9 மணிக்கு வாங்கிப் போகிறவர் 1 மணிக்குத்தான் இலை போடுவார். காளனும் புளியிஞ்சியும் தாங்கும். அவியலில் தேங்காயும் தயிரும், ஓலனில் தேங்காய்ப்பாலும் இருக்கின்றன. சூட்டோடு மூடிய டப்பாவில் நாலு மணி நேரம் புழுங்கினால் புளித்துவிடும். மூடி லேசாக உப்பியிருக்கும், ஓரத்தில் சின்னக் குமிழ் தெரியும், வாசனையே காட்டிக் கொடுக்கும்.

அதனால் 10:30 முதல் 12 வரை, அரை மணிக்கு ஒரு பிரிவாகப் போடு. 60 பார்சல் எடுக்கிறாய் என்றால் பிரிவுக்கு 20. இரண்டு பேர் நின்று கொடுத்தால் நெரிசல் இருக்காது. பதிவு செய்யும்போதே எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள். அவியலையும் ஓலனையும் 9 மணிக்கு மேல் இறக்கு, கடைசிப் பிரிவுக்குத் தனியாக இன்னொரு முறை செய். அகலமான பாத்திரத்தில் கொட்டி ஆவி போனதும் உடனே டப்பாவில் போடு. பப்படம் காகித உறையில் தனியாகப் போகட்டும், சோற்றின் ஆவி பட்டால் நமத்துவிடும். கடைசி வரியாக “1:30க்குள் சாப்பிட்டுவிடவும்” என்று போடு.

அடைப்பிரதமன் ஆற ஆற இறுகும், அடை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தளர்வாகவே இறக்கு. சூடாக்குகிறவர்கள் கொதிக்க விட வேண்டாம் என்றும் எழுது. கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும்.

இலையைப் பற்றி நீ எழுதவே இல்லை. ஐந்து பேருக்கு ஆறு நுனி இலை வை, ஒன்று கிழியும். ஒன்றரை அடிக்குக் குறைந்தால் இத்தனை கறியும் நிற்காது. விறைப்பான இலையைச் சுருட்டினால் நரம்போரம் பிளந்துவிடும், ஈரத் துணியில் சுற்றித் தட்டையாகக் கொடு. நுனி இடதுபக்கம் வரப் போட வேண்டும் என்று ஒரு வரி சேர், அங்கே புதிதாகக் குடிவந்தவர்களும் வாங்குவார்கள்.

பதிவை மூலத்தன்று மாலையோடு முடித்துவிடு. பூராடத்தன்று இலையும் காயும் கணக்காக வாங்கலாம். உத்திராடத்தன்று சந்தையில் இறங்கினால் விலையும் கூட்டமும் தாங்காது. தமிழ்நாட்டிலிருந்து வரும் இலைக்கட்டுகளுக்கு அன்றைக்கு ஊரே கைநீட்டும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொள்.

திருத்தியதை எனக்கு அனுப்பு. புளியிஞ்சி நாள்பட இருக்கும் என்பதால் இங்கே பாலக்காட்டிலேயே கிளறிவிடுகிறேன், மாப்பிள்ளை வரும்போது வாங்கிப் போகட்டும். இஞ்சியைப் பொடியாக நறுக்க ஆள் இருக்கிறார்கள், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அம்மா